கடைசி ஐந்து கணக்குகள்

நான் வேலைக்குச் சேர்ந்து போட்ட முதல் ஒர்க்‌ஷீட்டில் இருபது கணக்குகள் இருந்தன. இருபதுக்கும் ஒரே வேலைதான்: தகா பின்னத்தைக் கலப்பு பின்னமாக மாற்றுக. ஆறாம் வகுப்பு. மேலே இருக்கிற எண்ணைக் கீழே இருக்கிற எண்ணால் வகுக்க வேண்டும். ஈவு முழு எண். மீதி மேலே போகும். கீழே பழைய எண்ணே இருக்கும். 17/5 என்றால், மூவைந்து பதினைந்து, மீதி இரண்டு, ஆகவே 3 2/5. அவ்வளவுதான். இதில் துள்ளிக் குதிக்க என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கலாம். கேட்கவும் கேட்டார்கள்.

நான் துள்ளிக் குதித்தது கடைசி ஐந்து கணக்குகளுக்காக. முதல் பதினைந்தும் சாதாரணமானவை. பிள்ளைகள் மிரளக் கூடாது என்று மீதி மூன்றைத் தாண்டாமல் பார்த்து எடுத்திருந்தேன். பதினாறிலிருந்து இருபது வரை மட்டும் வரிசையாக இப்படி வைத்தேன்: 3/2, 8/3, 15/4, 24/5, 35/6. பார்த்தால் கண்டபடி பொறுக்கிப் போட்ட மாதிரி இருக்கும். மாற்றினால் 1 1/2, 2 2/3, 3 3/4, 4 4/5, 5 5/6 என்று படிக்கட்டு மாதிரி ஏறும். முழு எண்ணும் மீதியும் ஒரே எண். கீழே அதற்கு அடுத்த எண். யாரோ ஒரு பிள்ளை பதினெட்டாவது கணக்கில் பேனாவை நிறுத்தி, மேலே பார்த்து, கீழே பார்த்து, "மிஸ், இங்க பாருங்களேன்" என்று சொல்ல வேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஒருத்தர் போதும்.

அந்த ஒருத்தருக்காக நான் எவ்வளவு ஏங்கியிருந்தேன் என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

எம்.எஸ்சி. கணிதம் முடித்த கையோடு வேலை கிடைத்தது. ஆம்பூருக்கும் மாதனூருக்கும் நடுவே நெடுஞ்சாலையை ஒட்டிய சின்ன ஆங்கிலப் பள்ளி. பிள்ளைகளில் பாதிப் பேரின் அம்மாக்கள் ஷூ கம்பெனியில். அப்பாக்கள் கம்பெனியிலோ தோல் பதனிடும் டேனரியிலோ. வீடு வாலாஜாபேட்டையில். தினமும் போய் வரப் பார்த்து முதல் வாரமே உடம்புக்கு ஆகவில்லை. ஆம்பூரில் ஒரு மாடி அறை எடுத்தேன். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. கல்லூரியில் நாங்கள் நாலு பேர் மெஸ்ஸில் சாப்பாடு ஆறிப்போகும் வரை ஒரு தேற்றத்தைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவோம். இங்கே ஒரு நாள் முழுக்க நான் பேசியதைக் கூட்டிப் பார்த்தால் "சத்தம் போடாத", "நோட்டை எடு", "ஒரு பஸ் ஸ்டாண்ட் குடுங்க" என்பதற்கு மேல் தேறாது.

அம்மா சாயங்காலம் போன் செய்வாள்.

"இன்னா சாப்ட்ட?"

"உப்புமா."

"நேத்தும் அதானே? சரி, ஸ்கூல் எப்படிப் போவுது?"

"மா, இன்னிக்கு ஒரு வரிசை கண்டுபுடிச்சேன். மூணு பை ரெண்டு, எட்டு பை மூணு..."

"யாரு எட்டாவது?"

"இல்லமா, பின்னம்."

"ஓ, பாடமா. சரி சரி, தாப்பாள் ஒழுங்காப் போட்டுக்கோ."

கல்லூரித் தோழிகளின் வாட்ஸாப் குழுவுக்கும் அந்த ஐந்து பின்னங்களைப் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் வந்தது. பத்து நிமிஷம் கழித்து ஒருத்தி கல்யாணப் புடவைகள் மூன்றைப் போட்டு "எது நல்லாருக்கு?" என்று கேட்டாள். எல்லாரும் அதற்குப் பாய்ந்து பதில் போட்டார்கள். நானும் நடுப் புடவை என்று போட்டேன்.

ஒர்க்‌ஷீட்டை அச்சடிக்கப் போனது ஒரு தனிக் கதை. ஆபீஸ் சாரின் கம்ப்யூட்டரில் கட்டம் போட்ட பக்கத்தில் வரிசையாகப் பின்னங்களைத் தட்டச்சு செய்தேன். ஒவ்வொன்றையும் அடித்து அடுத்த கட்டத்துக்குப் போனதும் அது தேதியாக மாறி உட்கார்ந்துகொண்டது. 3/2 பிப்ரவரி மூன்று. 8/3 மார்ச் எட்டு. 15/4 ஏப்ரல் பதினைந்து.

சார் நாற்காலியோடு உருண்டு வந்து திரையைப் பார்த்தார். "மார்ச் எட்டு மகளிர் தினம், கரெக்ட்டு. பிப்ரவரி மூணு இன்னா மிஸ், உங்க பர்த்டேவா?"

"இது கணக்கு சார்."

"நான் லீவு லிஸ்ட்டுன்னு சந்தோஷப்பட்டுட்டேன்."

அவரிடம் சொல்லலாமா என்று ஒரு கணம் வாய் வரை வந்தது. இந்த ஐந்தையும் பாருங்கள் சார் என்று. அதற்குள் ஃபீஸ் கட்ட ஒரு அம்மா வந்துவிட்டாள். கம்ப்யூட்டரை விட்டுவிட்டு வெள்ளைத் தாளில் ஸ்கேல் வைத்து, நடுவே கோடு போட்டு, இருபது பின்னங்களையும் கையாலேயே எழுதினேன். அதை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன்.

பி செக்‌ஷனுக்குக் கணக்கு எடுப்பவர் அறிவியல் மிஸ். என்னைவிடப் பத்து வயது பெரியவர், கலகலவென்று பேசுவார். தாளை வாங்கி மேலிருந்து கீழே ஒரே பார்வையில் இறங்கினார். கடைசி ஐந்தில் அவர் கண் நிற்கிறதா என்று நான் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆன்சர் கீ இருக்கா மிஸ்?"

"இருக்கு. ஆனா கடைசி அஞ்சை நீங்களே போட்டுப் பாருங்களேன்."

"ஐயோ, ஏன் மிஸ், ஜாஸ்தி கஷ்டமா?"

"கஷ்டம் இல்ல. சும்மா."

"சும்மா போட எனக்கு எங்க நேரம்? வீட்டுக்குப் போனா மாவு ஆட்டணும். கீயைக் குடுத்துருங்க தாயே."

கொடுத்தேன். கீயில் அந்த ஐந்து விடைகளும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பளிச்சென்று நின்றன. அவர் அதை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார்.

தலைமை ஆசிரியை மேடம் பார்த்தது பள்ளியின் பெயரை மேலே பெரிதாக எழுதியிருக்கிறேனா என்று மட்டும். "நீட்டா இருக்கு. கீப் இட் அப்" என்றார். நன்றி சொன்னேன்.

அடுத்த நாள் மூன்றாவது பீரியடில் தாள்களைக் கொடுத்தேன். வகுப்பு குனிந்தது. நான் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தேன். காப்பி அடிப்பதைப் பிடிக்கத்தான் சுற்றுகிறேன் என்று பிள்ளைகள் நினைத்திருப்பார்கள். கையை வைத்து மறைத்துக்கொண்டார்கள். எனக்கு வேண்டியது அவர்கள் முகம். எந்த முகத்திலாவது பேனா நிற்கிற அந்த நொடி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். வாய்ப்பாட்டை முணுமுணுக்கிற உதடுகள், மேஜைக்குக் கீழே எண்ணுகிற விரல்கள். வகுத்துக்கொண்டே போனார்கள், ஒரு மிஷின் மாதிரி.

முதல் பெஞ்சுப் பையன் முதலில் எழுந்தான்.

"முடிச்சுட்டேன் மிஸ். தண்ணி குடிக்கப் போலாமா?"

"கடைசி அஞ்சை ஒரு தடவை பாரு."

உட்கார்ந்து பார்த்தான். "கரெக்ட்டாதான் மிஸ் இருக்கு."

"கரெக்ட்டுதான். நல்லாப் பாரு."

மறுபடி பார்த்தான். முகத்தில் பயம் வந்துவிட்டது. "தப்பா மிஸ்?"

"இல்லடா. போ, போய்க் குடி."

பெல் அடித்தது. தாள்களை வாங்கினேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் அறிவியல் மிஸ் தன் வகுப்புத் தாள்களை என் மேஜையில் வைத்து, "பி செக்‌ஷன் கலக்கிட்டாங்க மிஸ், பாதிப் பேரு ஃபுல் மார்க்" என்றார். "யாராவது ஏதாவது கேட்டாங்களா?" என்றேன். "கேட்டாங்களே, பேக் சைடும் எழுதணுமான்னு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். என் டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சாதம் இருந்தது. பாதியில் மூடிவைத்தேன்.

சாயங்காலம் பள்ளி விட்டதும் அறைக்குப் போக மனம் வரவில்லை. வகுப்பிலேயே உட்கார்ந்து திருத்த ஆரம்பித்தேன். வேன் இரண்டு நடை போகும். முதல் நடை போய்விட்டது. இரண்டாவது நடைக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் வெளியே வராண்டாவில் பையைக் கழற்றிப் போட்டு ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

ஏழெட்டுத் தாள்கள் தாண்டியதும் அந்தத் தாள் வந்தது. ஜன்னலோரம் உட்காரும் பெண்ணுடையது. அதிகம் பேசாத பெண். சென்ற வாரம் காய்ச்சல் என்று வரவில்லை.

முதல் கணக்கு 7/3. விடை 2¹ என்று எழுதியிருந்தாள். இரண்டு போட்டு, அதன் தலைக்குப் பக்கத்தில் பொடியாக ஒன்று. இரண்டாவது 11/4. விடை 2³. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுக்கெண் இன்னும் நடத்தவே இல்லையே. இரண்டின் கனம் எட்டு. அதற்கும் பதினொன்றுக்கும் என்ன சம்பந்தம்? கீழே ஓடினேன். எல்லா விடைகளும் இப்படியேதான். ஒன்றில்கூடப் பகுதி இல்லை. ஆனால் ஈவு எல்லாம் சரி. மீதி எல்லாம் சரி. பின்னக் கோடும் கீழ் எண்ணும் மட்டும் சுத்தமாகக் காணோம்.

பதினாறுக்கு வந்தேன். 1¹. பதினேழு, 2². பதினெட்டு, 3³. பத்தொன்பதில் 4⁴ என்று எழுதி, அடித்து, பக்கத்தில் 5 என்று போட்டிருந்தாள். இருபதில் 5⁵ என்று எழுதி, அதையும் அடித்து, 6¹ என்று போட்டிருந்தாள்.

அந்த இரண்டு அடித்தல்களையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதுவரை திருத்திய தாள்களில் இந்த இடத்தில் ஒரு கை தயங்கியது இதில் மட்டும்தான்.

வராண்டாவுக்குப் போய் அவளைக் கூப்பிட்டேன். மூச்சு வாங்க வந்தாள். தாளைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"திட்ட மாட்டேன். இங்க உக்காரு. மேல இந்தச் சின்ன நம்பர் இன்னா?"

"மீதி மிஸ்."

"கீழ நம்பர் எங்க?"

"அது எதுக்கு மிஸ்?" உண்மையாகவே கேட்டாள். "நீங்க நடத்தின அன்னிக்கு நான் லீவு. எங்கப்பாகிட்ட கேட்டேன். வகுத்து, முழுசைப் பெரிசாப் போடு, மிச்சத்தை மேல சின்னதாப் போடுன்னாரு."

"அப்பா எங்க வேலை பாக்குறாரு?"

"டேனரில மிஸ். அளவு மிஷின்ல. தோலை உள்ள உட்டா எத்தினி அடின்னு காட்டும். அதை அப்பா தோல் பின்னாடி எழுதுவாரு. ரெண்டேகால் அடின்னா ரெண்டு போட்டு மேல ஒண்ணு. ரெண்டரைன்னா ரெண்டு போட்டு மேல ரெண்டு. ரெண்டேமுக்கால்னா மேல மூணு."

எனக்குப் புரிந்துவிட்டது. அங்கே மேலே ஏறுகிற சின்ன எண் எப்போதும் கால் அடிகளின் எண்ணிக்கை. கீழே எப்போதும் நான்கு. எப்போதும் நான்குதான் என்னும்போது அதை யார் மெனக்கெட்டு எழுதுவார்கள்? டேனரியில் அது முழுச் சரி. அவளுடைய 11/4 கூட அந்தக் கணக்கில் சரியான விடைதான்: 2³, இரண்டேமுக்கால். ஆனால் 7/3-க்கு அவள் எழுதிய 2¹ இரண்டேகால் ஆகிவிடுகிறது. இருக்க வேண்டியது இரண்டும் மூன்றில் ஒன்றும்.

"சரி. பத்தொன்பதுல ஏன் அடிச்ச?"

"தப்பா வந்துச்சு மிஸ். மேல நாலு வராது. நாலு கால் வந்தா ஒரு அடி ஆயிடும்ல? அதான் அஞ்சுன்னு போட்டேன். அதுக்கு அடுத்ததுல மேல அஞ்சு வந்துச்சு. நாலுக்கு ஒரு அடி போனா ஒண்ணு மீதி. ஆறு, மேல ஒண்ணு."

"முதல்ல எழுதுறப்பவே தப்புன்னு தெரியலையா?"

நெற்றியைச் சொறிந்தாள். "இல்ல மிஸ், அது வந்து... ஒண்ணு ஒண்ணு, ரெண்டு ரெண்டு, மூணு மூணுன்னு வந்துச்சா. அடுத்தது நாலு நாலுதான் வரும்னு வகுக்கறதுக்கு முன்னாடியே எழுதிட்டேன். வகுத்தாலும் அதான் வந்துச்சு. அப்புறம்தான் நாலு வராதேன்னு ஞாபகம் வந்து அடிச்சுட்டேன்."

வகுக்கறதுக்கு முன்னாடியே என்றாள். அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள், செருப்பு வெளியே கிடக்கிறது என்கிற மாதிரி.

சிவப்புப் பேனாவை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தேன். "இங்க பாரு. உங்கப்பா எழுதுறது தோலுக்குக் கரெக்ட்டு. அங்க ஒரு அடியை எப்பவும் நாலாத்தான் பிரிப்பாங்க. இங்க ஒவ்வொரு கணக்குலயும் வேற வேறயாப் பிரிக்கிறோம். இருபத்திநாலு பை அஞ்சு. எத்தினியாப் பிரிச்சிருக்கு?"

"அஞ்சா."

"அப்ப எத்தினி சேர்ந்தா ஒரு முழுசு?"

"அஞ்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்ப நாலு வந்தா முழுசு ஆகாதா?"

"ஆகாது. இன்னும் ஒண்ணு கம்மி."

அடித்ததன் மேலேயே விரலை வைத்தாள். "அப்ப நாலு நாலுதானா?"

"நாலு, கீழ அஞ்சு போட்டு மேல நாலு. எத்தினியாப் பிரிச்சோம்னு கீழ எழுதினாத்தான் பாக்குறவங்களுக்குத் தெரியும்."

பென்சிலை என் கையிலிருந்து வாங்கி, அடித்த 4⁴-க்குக் கீழே புதிதாக 4 4/5 என்று எழுதினாள். கேட்காமலே அடுத்ததில் 5 5/6. பிறகு மேலே போய்ப் பதினாறு, பதினேழு, பதினெட்டுக்கும் கோடு இழுத்துக் கீழ் எண்ணைப் போட்டாள். இரண்டு, மூன்று, நான்கு.

"ஐ, கீழயும் ஏறுது மிஸ்."

"ஆமா."

"இது நீங்க வேணும்னே போட்டீங்களா, தானா வந்துச்சா?"

"வேணும்னேதான் போட்டேன்."

"யாருக்கு மிஸ்?"

நான் அவளைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. பதினோரு வயதுப் பெண்ணுக்கு அது சும்மா ஒரு கேள்வி. டிபன் பாக்ஸைப் பார்த்து யாருக்கு என்று கேட்பதைப் போல.

"யாராச்சும் பாத்து சொல்வாங்களான்னு."

"யாரு சொன்னாங்க?"

"நீதான்."

"நான் மட்டுமா?" அவளுக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. ஆனால் அது பரிசு வாங்குகிற சந்தோஷம். "அப்ப எனக்கு மார்க் உண்டா மிஸ்?"

"கீழ நம்பர் இல்லாம மேடம் ஒத்துக்க மாட்டாங்க. மொத்தத்தையும் திரும்ப எழுதிக் குடு, போட்டுடலாம். சரி, இப்ப சொல்லு. இதுக்கு அடுத்த படி இன்னா?"

"ஆறு, கீழ ஏழு, மேல ஆறு."

"அதைத் தகா பின்னமா மாத்தினா?"

கண்ணை மூடிக்கொண்டாள். "ஆறேழு நாப்பத்திரெண்டு... கூட ஆறு... நாப்பத்தெட்டு. நாப்பத்தெட்டு பை ஏழு."

"சரி. மேல இருக்கிறதை மட்டும் வரிசையாப் பாரு. மூணு, எட்டு, பதினஞ்சு, இருபத்திநாலு, முப்பத்தஞ்சு, நாப்பத்தெட்டு. ஏன் இப்படிப் போவுதுன்னு..."

எனக்குக் குரலே மாறிவிட்டிருந்தது. மெஸ் மேஜையில் பேசுகிற குரல். நாற்பத்தெட்டோடு ஒன்றைக் கூட்டினால் ஏழேழு நாற்பத்தொன்பது என்பதையும், முப்பத்தைந்தோடு கூட்டினால் ஆறாறு என்பதையும், ஒவ்வொன்றும் முழுசாவதற்கு ஒரே ஒரு துண்டு குறைவாக நிற்கிறது என்பதையும் அவளே கண்டுபிடிக்க வேண்டும். நான் சொல்லிவிடக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் எண்களைப் பார்த்தாள். உதடு அசைந்தது.

வெளியே வேன் ஹாரன் அடித்தது.

"மிஸ், வேன்."

"ஒரு நிமிஷம் இரேன்."

"இடம் புடிக்கணும் மிஸ், இல்லன்னா இஞ்சின் மேல உக்காரச் சொல்வாரு. சூடு தாங்காது." அவள் எழுந்தே விட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவு வரை ஓடி, "நாளைக்கு எழுதித் தர்றேன் மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜன்னலிலிருந்து பார்த்தேன். வேனுக்குள் முட்டிமோதி ஏறினாள். ஜன்னல் சீட் கிடைத்தது. பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். என் வரிசையைப் பற்றி இருக்காது. வேன் சர்வீஸ் ரோட்டில் திரும்பி மறைந்தது.

மிச்சத் தாள்களைத் திருத்தினேன். எல்லாவற்றிலும் 4 4/5 இருந்தது, 5 5/6 இருந்தது. கோடு நேராக, எழுத்து அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். வரிசையாக டிக் போட்டுக்கொண்டே போனேன். வாட்ச்மேன் அண்ணன் சாவிக்கொத்தோடு எட்டிப் பார்த்தார்.

"இன்னா டீச்சரம்மா, வூட்டுக்குப் போவலயா?"

"இதோ ஆச்சுண்ணா."

அவளுடைய தாளை மட்டும் மார்க் போடாமல் தனியாக வைத்தேன். பிறகு அதைத் திருப்பிப் பின்பக்கத்தில் 48/7 என்று எழுதி, பக்கத்தில் 63/8 என்றும் எழுதி, அதற்குப் பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டேன். நாளைக்கு அவள் முன்பக்கத்தை மட்டும் திரும்ப எழுதிக் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விடலாம். போனாலும் அவள்மேல் தப்பில்லை. நான் அவளுக்காக அடுத்த ஒர்க்‌ஷீட்டின் கணக்குகளை மனதுக்குள் பொறுக்க ஆரம்பித்திருந்தேன். விளக்கை அணைக்கச் சொல்லி அண்ணன் இரண்டாம் தடவை குரல் கொடுக்கும் வரை அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.